முப்பது வயதில் இடுப்பு மூட்டு மாற்று: எதன்மேல் எதை உரச விடுவது?

பினாங்கில் எலும்பு அறுவை செய்யும் மருத்துவன் என்ற முறையில், அண்மைக் காலமாக ஒரே மாதிரியான தாளை அடிக்கடி கையில் வாங்கிப் பார்க்கிறேன். அது மருத்துவமனை கொடுத்த விலைக் கொட்டேஷன். அதில் அறுவை ஒன்றுதான். ஆனால் பந்துக்கும் கிண்ணத்துக்கும் மூன்று நான்கு வரிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. "டாக்டர், எல்லாம் இடுப்பு மூட்டுதானே, விலை மட்டும் ஏன் இப்படி மாறுகிறது?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் நாற்பது வயதைக்கூடத் தாண்டாதவர்கள். சிறுநீரக நோய்க்கோ தோல் நோய்க்கோ நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்து, அதனால் தொடை எலும்பின் தலைக்கு இரத்த ஓட்டம் நின்று, அந்தத் தலை நொறுங்கிப் போனவர்கள் அவர்களில் பலர். எழுபது வயதினருக்கு எழாத கேள்வி இது. எழுபதில் மாற்றிய மூட்டு பெரும்பாலும் அவரோடு கடைசிவரை இருந்துவிடும். இங்கிலாந்து நோயாளிகளின் பதிவுகளை வைத்து 2017இல் வெளியான ஆய்வு ஒன்றில், எழுபதுக்கு மேல் மாற்றிக் கொண்டவர்களுக்கு வாழ்நாளில் மறு அறுவை தேவைப்படும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து அளவில் இருந்தது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் மாற்றிக் கொண்ட ஆண்களுக்கோ அது பல மடங்கு ஏறியது. முப்பத்து நான்கு வயதில் மாற்றுபவர் இரண்டாவது அறுவையைக் கணக்கில் வைத்துக்கொண்டே முதல் அறுவைக்குப் படுக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே "எது அதிக நாள் உழைக்கும்?" என்பதை மட்டும் கேட்டு முடிவெடுப்பது போதாது. தேய்வதிலிருந்து வெளிவரும் தூள் எங்கே போகிறது, அது எலும்பை என்ன செய்கிறது, இரண்டாவது அறுவை வரும் நாளில் புதிய கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ள எலும்பு மிச்சமிருக்குமா என்பதுதான் இளம் வயதினருக்கு முதன்மையான கேள்வி.

## தூள் எலும்பைத் தின்பது எப்படி

செயற்கை மூட்டில் நான்கு பகுதிகள் உண்டு: தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டு, அதன் முனையில் பொருத்தப்படும் பந்து, இடுப்பெலும்பில் பதியும் உலோக ஓடு, அந்த ஓட்டுக்குள் அமரும் உள்ளுறை. இந்த உள்ளுறையை நாங்கள் லைனர் என்போம்; ஓடும் லைனரும் சேர்ந்ததே கிண்ணம். பந்தும் லைனரும் ஒன்றையொன்று உரசுகின்றன. கொட்டேஷனின் மூன்று நான்கு வரிகளும் இந்த இரண்டு துண்டுகளைப் பற்றியவையே.

ஜான் சார்ன்லி இங்கிலாந்தில் 1950களின் பிற்பகுதியில் டெஃப்லான் கிண்ணத்தை வைத்துப் பார்த்தார். வழுக்கும் பொருள்தான், ஆனால் ஓரிரு ஆண்டுகளிலேயே தேய்ந்து, மூட்டைச் சுற்றிக் கட்டியான திசு வளர்ந்தது. 1962இல் அவர் பாலிஎத்திலீனுக்கு மாறினார். அக்காலத்தில் டெஃப்லானையும் புதிய பொருளையும் தம் தொடைத் தோலுக்கடியில் தாமே செலுத்தி, எது உடலில் எதிர்வினையை உண்டாக்குகிறது என்று பார்த்தார். பாலிஎத்திலீன் அவருடைய தொடையில் அமைதியாக இருந்தது. ஆனால் ஒரே இடத்தில் கிடக்கும் சிறு அளவுப் பொருள் அமைதியாக இருப்பதும், அன்றாடம் கோடிக்கணக்கில் உதிரும் தூள் அமைதியாக இருப்பதும் ஒன்றல்ல என்பது பின்னரே தெரிய வந்தது.

ஒவ்வொரு அடியிலும் லைனரின் மேற்பரப்பிலிருந்து உதிரும் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரோமீட்டருக்கும் சிறியவை. மேக்ரோஃபேஜ் எனப்படும் தற்காப்பு அணுக்கள் கிருமியை விழுங்குவதுபோல் இவற்றையும் விழுங்குகின்றன. கிருமியைச் செரிக்க முடியும். பிளாஸ்டிக்கைச் செரிக்க முடியாது. செரிக்க முடியாத அணு அழற்சிச் சமிக்ஞைகளை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தச் சமிக்ஞை எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் அணுக்களை எழுப்பிவிடுகிறது. தூளைச் சுமந்த மூட்டு நீர், நடக்கும்போது எழும் அழுத்தத்தால், உலோகத்துக்கும் எலும்புக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடுக்குகள் வழியாகத் தள்ளப்பட்டு எங்கெல்லாம் போய்ச் சேர்கிறதோ, அங்கெல்லாம் எலும்பு குழிவிழுகிறது. இதுதான் ஆஸ்டியோலைசிஸ், தமிழில் எலும்பு அரிப்பு என்று சொல்லலாம். ஒரு காலத்தில் இது எலும்புச் சிமெண்டால் வருவது என்று தவறாக எண்ணி, சிமெண்ட் நோய் என்றே பெயரிட்டிருந்தார்கள். சிமெண்ட் இல்லாமல் பொருத்திய மூட்டுகளிலும் அதே குழிகள் வந்தபோதுதான் குற்றவாளி தூள் என்பது உறுதியானது.

இதில் கொடுமை என்னவென்றால், வலி இருக்காது. என்னிடம் வந்த ஒருவருக்கு 1996இல், அவருடைய முப்பத்தொன்றாவது வயதில், 28 மி.மீ. உலோகப் பந்தும் பழைய வகைப் பாலிஎத்திலீன் லைனரும் வைத்திருந்தார்கள். பதினைந்து ஆண்டுகள் எந்தத் தொல்லையும் இல்லை என்பதால் அவர் எக்ஸ்ரே எடுக்கவே போகவில்லை. வேறு காரணத்துக்காக எடுத்த படத்தில், பந்து கிண்ணத்தின் நடுவில் இல்லாமல் மேல்நோக்கி ஒதுங்கி அமர்ந்திருந்தது. அதற்கு மேலே இடுப்பெலும்பில் கோழி முட்டை அளவுக்கு ஒரு கருமை. அறுவையில் லைனரைக் கையில் எடுத்தபோது, அதன் மேற்பகுதியில் கட்டைவிரல் நுனி பதிந்தாற்போல் ஒரு பக்கமாகக் குழிந்திருந்தது. எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் நிறமான, பாலாடை போன்ற திசு கரண்டியில் வந்தது.

லைனர் 2.2 மி.மீ. தேய்ந்திருந்தது. பந்தின் ஆரம் 14 மி.மீ.; தேய்ந்த கன அளவு π × 14² × 2.2, அதாவது ஏறத்தாழ 1,350 கன மி.மீ. ஒரு தேக்கரண்டியின் கால் பங்குக்குச் சற்றே கூடுதல். பார்க்க அற்பம்தான். ஆனால் அதை அரை மைக்ரோமீட்டர் உருண்டைகளாக உடைத்தால் சுமார் இருபது இலட்சம் கோடித் துகள்கள்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

நான் நோயாளியோடு பேசும்போது நான்கு அளவுகோல்களை வைத்துக்கொள்கிறேன்.

முதலாவது, ஆண்டுக்கு எவ்வளவு தேயும் என்பது. பாலிஎத்திலீனைப் பொறுத்தவரை, பந்து லைனருக்குள் ஆண்டுக்கு 0.1 மி.மீ.க்கும் குறைவாக இறங்கினால் எலும்பு அரிப்பு அரிது, 0.05க்குக் குறைந்தால் ஏறக்குறைய இல்லை என்பது பல ஆய்வுகளை ஒருங்கே வைத்துப் பெறப்பட்ட நடைமுறை எல்லை. இங்கே ஆண்டுகளைவிட அடிகளே முக்கியம். ஆய்வகச் சோதனைப் பொறிகளில் ஓராண்டு என்பதைப் பத்து இலட்சம் சுழற்சி என்று வைப்பார்கள். இளையவர் அதைத் தாண்டி நடப்பார்.

இரண்டாவது, உதிர்வது எந்தப் பொருள், உடல் அதை எப்படி ஏற்கும் என்பது. குறைவாகத் தேய்வதெல்லாம் குறைவாகக் கெடுக்கும் என்று சொல்ல முடியாது. உலோகத்தின் கதை அதைத்தான் கற்பித்தது.

மூன்றாவது, நிலைத்தன்மை. நம்மவர்கள் சம்மணமிட்டு உட்காருவார்கள், குந்திக் கழிப்பறை செல்வார்கள், கோயிலில் தரையில் விழுந்து வணங்குவார்கள். இடுப்பு அதிகம் மடங்கும்போது சிறிய பந்து கிண்ணத்தைவிட்டு நழுவக்கூடும். பெரிய பந்து நழுவுவதற்கு அதிகத் தூரம் போக வேண்டும். ஆனால் பந்து பெரிதானால் லைனர் மெலியும். அதைக் கீழே கணக்கோடு காட்டுகிறேன்.

நான்காவதுதான் பலரும் கேட்காதது: இது தோற்றால் எப்படித் தோற்கும், தோற்ற பிறகு என்ன மிஞ்சும்? மெதுவாகத் தோற்கும் பொருளும் ஒரே நொடியில் தோற்கும் பொருளும் உண்டு. லைனரை மட்டும் மாற்றினால் முடியும் மறு அறுவையும் உண்டு, இடுப்பெலும்பையே ஒட்டுப்போட வேண்டிய மறு அறுவையும் உண்டு.

## உலோகப் பந்து, பழைய வகைப் பாலிஎத்திலீன்

இதை நீண்ட நேரம் எடைபோட வேண்டியதில்லை. காமாக் கதிரால் காற்றிலேயே கிருமி நீக்கப்பட்ட பழைய லைனர்கள், பெட்டிக்குள் இருக்கும்போதே ஆக்சிஜனேறி வலுவிழந்தன. வெற்றிடத்திலோ மந்த வாயுவிலோ அடைத்த பிற்கால வகைகளும் ஆண்டுக்கு 0.1 மி.மீ. அளவில் தேய்ந்தன. எழுபத்தைந்து வயதில், வீட்டுக்குள் மட்டும் நடமாடும் ஒருவருக்கு இது போதுமானதாக இருக்கலாம். முப்பதுகளில் இருப்பவருக்கு இது கொட்டேஷனில் இருந்தால், "இது குறுக்குப் பிணைப்புச் செய்ததா, சாதாரணமா?" என்று கேட்டுத் தெளிவு பெறாமல் கையெழுத்திட வேண்டாம். தாளில் பாலிஎத்திலீன் என்று மட்டும் எழுதியிருப்பதில் இந்த வேறுபாடு தெரியாது.

## உலோகம் அல்லது செராமிக் பந்து, குறுக்குப் பிணைப்புப் பாலிஎத்திலீன்

பாலிஎத்திலீன் என்பது மிக நீண்ட சங்கிலி மூலக்கூறுகளின் கூட்டம். 50 முதல் 100 கிலோகிரே வரையான கதிர்வீச்சு கொடுத்தால் அந்தச் சங்கிலிகள் பக்கவாட்டில் ஒன்றோடொன்று பிணைந்துகொள்கின்றன. பிணைந்த சங்கிலிகளைப் பந்து இழுத்து உதிர்ப்பது கடினம். கதிர்வீச்சு விட்டுச்செல்லும் தனி அணுத்தொகுதிகள் பின்னாளில் ஆக்சிஜனேற்றத்துக்கு வழிவிடும் என்பதால், உருக்கியோ உருகுநிலைக்குச் சற்றுக் கீழே சூடாக்கியோ அவற்றைக் குறைப்பார்கள். அடுத்த தலைமுறையில் வைட்டமின் இ கலந்தார்கள். 1990களின் இறுதியில் இவை நோயாளிகளுக்குப் பயன்பாட்டுக்கு வந்தன. அப்படியானால் இன்று இருபது ஆண்டுகளைத் தாண்டிய அனுபவம் நம் கையில் உள்ளது. ஆஸ்திரேலியாவின் தேசியப் பதிவேட்டில், பதினைந்து ஆண்டுகளின் முடிவில் மறு அறுவை பழைய வகையில் இருந்ததில் பாதி அளவுக்குக் குறைந்திருப்பதைக் காண்கிறோம்.

இதன் மறைவான செலவு வலிமையில் உள்ளது. பிணைப்புக் கூடும்போது தேய்மானம் குறைகிறது. ஆனால் விரிசல் ஓடுவதைத் தாங்கும் திறனும் சற்றுக் குறைகிறது. லைனர் மெலிதாகவும் கிண்ணம் செங்குத்தாகவும் அமைந்துவிட்டால் விளிம்பு உடையலாம். நம் ஊரில் பலருக்கு எலும்பு சிறியது. 48 மி.மீ. ஓடு வைக்கிறோம், ஓட்டின் தடிப்பு இருபுறமும் 3 மி.மீ. என்று கொள்வோம். உள்ளே 42 மி.மீ. மிச்சம். 32 மி.மீ. பந்து வைத்தால் லைனர் 5 மி.மீ. தடிப்பாக இருக்கும், 36 மி.மீ. பந்து வைத்தால் 3 மி.மீ.தான். பெரிய பந்து நழுவாது என்று ஆசைப்பட்டு 36ஐக் கேட்பவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் தாளில் போட்டுக் காட்டுவேன்.

பந்து உலோகமா செராமிக்கா? தேய்மானத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்றே பல ஒப்பீடுகள் காட்டுகின்றன. நான் இளையவருக்குச் செராமிக் பந்தை விரும்புவதற்குக் காரணம் வேறு. தண்டின் கூம்பு முனை டைட்டானியம். அதன்மேல் கோபால்ட்-குரோம் பந்தை அறைந்து பொருத்தினால், அந்த இணைப்பிலேயே பல ஆண்டுகளில் அரிமானம் ஏற்பட்டு உலோக அயனி கசியக்கூடும். செராமிக் பந்தில் அது மிகவும் குறைவு. பணம் கட்டுப்படாவிட்டால், உலோகப் பந்தோடு குறுக்குப் பிணைப்பு லைனர் என்பது வெட்கப்பட வேண்டிய தேர்வல்ல. பந்துக்குச் செலவழித்து லைனரில் மிச்சம் பிடிப்பதுதான் தவறு.

தோற்றால்? மெதுவாகத் தோற்கும், எக்ஸ்ரே பார்ப்பவருக்கு முன்கூட்டியே தெரியும். ஓடு எலும்போடு உறுதியாகப் பிணைந்திருந்து, லைனரைப் பூட்டும் பள்ளமும் கெடாமல் இருந்தால், லைனரையும் பந்தையும் மட்டும் மாற்றி, குழிகளில் எலும்புத் துணுக்கு நிரப்பி முடித்துவிடலாம். அந்த வாய்ப்பு வேறெந்தத் தேர்வைவிடவும் இதில் தாராளமாக இருக்கிறது.

## செராமிக் பந்து, செராமிக் லைனர்

பிரான்சில் பியர் பூட்டன் 1970இல் அலுமினாவால் தொடங்கியது இது. மிகக் கடினமானது, கீறல் விழாது, நீரில் நன்கு நனைவதால் இடையே ஒரு மெல்லிய நீர்ப்படலம் நிற்கிறது. சரியாக அமைந்த செராமிக் இணை, பத்து இலட்சம் சுழற்சிக்கு ஒரு கன மில்லிமீட்டருக்கும் வெகு குறைவாகவே தேய்கிறது. அதன் தூளும் பாலிஎத்திலீன் தூள் அளவுக்கு எலும்பு அரிப்பைத் தூண்டுவதில்லை. தேய்மானம் ஒன்றையே பார்த்தால் இதற்கு இணையில்லை.

ஆனால் செராமிக் மன்னிக்காது. பாலிஎத்திலீனில் கிண்ணம் ஐந்து பாகை சாய்ந்து அமைந்தால், லைனர் கொஞ்சம் கூடுதலாகத் தேயும். செராமிக்கில் அதே தவறு, பந்தின் சுமை முழுவதும் லைனர் விளிம்பின் ஒரு கோட்டில் விழச் செய்யும். விளிம்பு பந்தின்மேல் கோடாகத் தேய்க்கும். அங்கே நீர்ப்படலம் நிற்காது. செராமிக் மூட்டு சிலருக்கு எழுப்பும் கீச்சொலி பெரும்பாலும் அங்கிருந்துதான் பிறக்கிறது. ஒரு பெண் நோயாளி, இரவில் பள்ளிவாசல் தெருவின் அமைதியில் வீட்டு மாடிப்படி ஏறும்போது தன் இடுப்பு கதவுக் கீல் போலக் கத்துவதைக் கேட்டு, பிள்ளைகள் விழித்துக்கொள்வார்களே என்று ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறுவதாகச் சொன்னார். எந்த வலியும் இல்லை. எக்ஸ்ரேயும் நன்றாக இருந்தது. அப்படியிருந்தும் அவருக்கு அது சிறிய தொல்லை அல்ல. தரையில் அதிகம் உட்கார்ந்து எழுபவர்களுக்கு, தண்டின் கழுத்து லைனர் விளிம்பில் மோதும் வாய்ப்பும் கூடுதல். விளிம்பில் உயர்த்திய பகுதி உள்ள லைனரைப் பாலிஎத்திலீனில் தேர்ந்தெடுக்கலாம். செராமிக்கில் அந்த வசதி இல்லை.

உடைவதைப் பற்றிய அச்சம் பழைய காலத்துக்கு உரியது என்று பலர் சொல்கிறார்கள். பெருமளவு உண்மை. இன்றைய கலப்புச் செராமிக்கில் அலுமினாவோடு நுண்ணிய சிர்கோனியா சேர்த்திருப்பதால் பந்து உடைவது மிக அரிது. எனினும் 2001இல், தனிச் சிர்கோனியாவால் செய்த பந்துகளில் சில தொகுதிகள், சுடும் உலையில் செய்த மாற்றத்தால் வழக்கத்துக்கு மீறி உடைந்து, சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. லைனர் உடைவது பந்து உடைவதைவிடச் சற்று அதிகம். ஓட்டுக்குள் சாய்வாக அமர்ந்த லைனரே பெரும்பாலும் சில்லு போகிறது.

உடைந்துவிட்டால் அதன் பின்விளைவுதான் நோயாளிக்குச் சொல்லப்பட வேண்டியது. கண்ணாடித் தூள் போன்ற செராமிக் மணல் மூட்டுத் திசுவெங்கும் புதைந்துவிடுகிறது. எவ்வளவு கழுவினாலும், எவ்வளவு திசுவை அகற்றினாலும் சிறிது மிஞ்சும். அதன்மேல் உலோகப் பந்தை வைத்தால், அந்த மணல் உலோகத்தை உப்புத்தாள்போல் தேய்த்துவிடும். சில ஆண்டுகளிலேயே உலோகக் கழிவு மூட்டை நிறைத்துவிடும். எனவே செராமிக் உடைந்த மூட்டில் மீண்டும் செராமிக் பந்தே வைக்க வேண்டும். தண்டின் கூம்பு கீறியிருந்தால் உள்ளே உலோகச் சட்டை கொண்ட பந்து தேவைப்படும். இந்த விதி தெரியாத இடத்தில் அவசரமாகச் செய்யப்படும் மறு அறுவைதான் இந்தத் தேர்வின் மிகப் பெரிய மறைசெலவு.

## உலோகப் பந்து, உலோகக் கிண்ணம்

2000களில் இளையவருக்கே உரியது என்று இதைத்தான் சொன்னார்கள். தேய்மானத்தின் கன அளவு பாலிஎத்திலீனைவிட மிகக் குறைவு, பந்து பெரியது, நழுவாது. தொடை எலும்பின் தலையை வெட்டாமல் அதற்குத் தொப்பி போடும் முறையில் எலும்பும் மிஞ்சும். எல்லாம் சரிதான். ஆனால் உதிரும் துகள் நானோமீட்டர் அளவில் இருந்ததால், கன அளவு குறைந்தாலும் துகள்களின் எண்ணிக்கை பெருகியது. கோபால்ட், குரோமிய அயனிகள் இரத்தத்தில் ஏறின. சிலருக்கு மூட்டைச் சுற்றித் தசை அழுகியது, நீர் நிறைந்த கட்டிகள் வளர்ந்தன. எலும்பு குழிவிழுவதைவிட இது கொடியது. போன தசையை எந்த மறு அறுவையாலும் திரும்ப வைக்க முடியாது. 2010 ஆகஸ்டில் இந்த வகை மூட்டு ஒன்று உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டு பிரிட்டனின் மருந்து மற்றும் கருவிக் கண்காணிப்பு அமைப்பு, இரத்தத்தில் நூறு கோடியில் ஏழு பங்குக்கு மேல் கோபால்ட் அல்லது குரோமியம் இருந்தால் தொடர்ந்து ஆராய வேண்டும் என்று எச்சரித்தது.

இன்று இதற்கு எஞ்சியிருப்பது ஒரு குறுகிய இடம்: பெரிய எலும்புடைய, இளம், மிகச் சுறுசுறுப்பான ஆண், வழக்கமான மூட்டுத் தேய்வு நோய், தொப்பி முறையை அதிகம் செய்து பழகிய அறுவை மருத்துவர். தொடை எலும்பின் தலை செத்து நொறுங்கியவருக்கு, தொப்பியைத் தாங்க நல்ல எலும்பே இல்லை. பிள்ளைப்பேறு எதிர்பார்க்கும் பெண்களுக்கு இதை நான் எந்த நிலையிலும் சொல்வதில்லை. அயனிகள் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குச் செல்கின்றன என்பது அறியப்பட்ட ஒன்று.

## ஒரு பார்வையில்

| | பழைய பாலிஎத்திலீன் | குறுக்குப் பிணைப்புப் பாலிஎத்திலீன் | செராமிக் மேல் செராமிக் | உலோகம் மேல் உலோகம் |
|---|---|---|---|---|
| தேய்மானம் | அதிகம் | மிகக் குறைவு | மிக மிகக் குறைவு | கன அளவில் குறைவு, துகள் மிகுதி |
| எலும்பு அரிப்பு | எதிர்பார்க்க வேண்டியது | அரிது | மிக அரிது | திசு அழிவே பெரிய ஆபத்து |
| கிண்ணம் சாய்ந்தால் | தேய்மானம் கூடும் | ஓரளவு பொறுக்கும் | கீச்சொலி, சில்லு | அயனி பெருகும் |
| மறு அறுவை | குழி விழுந்த எலும்போடு | லைனர் மட்டும் மாற்ற வாய்ப்பு | உடைந்தால் கடினம் | தசை சேதமெனில் மிகக் கடினம் |
| யாருக்கு | நடமாட்டம் குறைந்த முதியவர் | பெரும்பாலான இளையவர் | மிக இளையவர், துல்லியமாக அமைந்த கிண்ணம் | குறுகிய வகையினர் |

## பட்டர்வொர்த் இளைஞர் ஒருவரின் கணக்கு

முப்பத்து நான்கு வயது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இயந்திரத் தொழில்நுட்பர். இருபதுகளில் சிறுநீரக நோய்க்கு ஸ்டீராய்டு எடுத்தவர். வலது தொடை எலும்பின் தலை நொறுங்கிவிட்டது. கைப்பேசி காட்டிய நடை நாளொன்றுக்கு 9,000 அடி. அதில் வலது காலுக்கு 4,500. ஆண்டுக்கு ஏறத்தாழ 16 இலட்சம் சுழற்சி. எலும்பு அளவு 48 மி.மீ. ஓட்டுக்குத்தான் பொருந்தும், அதனால் 32 மி.மீ. பந்து.

பழைய பாலிஎத்திலீன் பத்து இலட்சம் சுழற்சிக்கு 0.1 மி.மீ. தேயும் என்று கொண்டால், இவருக்கு ஆண்டுக்கு 0.16 மி.மீ.; எலும்பு அரிப்பின் எல்லையை முதல் ஆண்டிலேயே தாண்டிவிட்டது. இருபது ஆண்டில் 3 மி.மீ.க்கு மேல்; 5 மி.மீ. லைனரில் பாதிக்கும் மேல் போயிருக்கும். குறுக்குப் பிணைப்பு வகைக்கு 0.02 என்று சற்றுத் தாராளமாகவே வைத்தால், ஆண்டுக்கு 0.032, இருபது ஆண்டில் 0.6 மி.மீ. எல்லைக்குக் கீழே. செராமிக் மேல் செராமிக் இந்தக் கணக்கில் இன்னும் கீழே நிற்கும். ஆனால் 0.05க்குக் கீழே வந்த பிறகு, மேலும் குறைவதால் இவருக்குக் கிடைக்கும் ஆதாயம் சிறிது. கீச்சொலிக்கும் சில்லுக்கும் கொடுக்க வேண்டிய விலை அப்படியே நிற்கிறது. இவர் ஐம்பத்து நான்கில் மறு அறுவைக்கு வந்தால் லைனரை மட்டும் மாற்றும் வழி திறந்திருக்க வேண்டும் என்பதே என் கணிப்பு.

"டாக்டர், தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறலாமா?" என்று கேட்டார். ஏறலாம், ஆனால் முதல் ஆண்டு காவடி வேண்டாம், கீழே இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்து இறங்குங்கள் தம்பி என்றேன். அவருடைய அம்மா, வீட்டில் குந்திக் கழிப்பறைதான் இருக்கிறது என்றார். அதை மாற்றும் செலவும் இந்த அறுவையின் செலவுதான். கொட்டேஷனில் அது வராது.

செராமிக் பந்து, குறுக்குப் பிணைப்பு லைனர் என்று முடிவானது. உலோகப் பந்தைவிடக் கூடிய தொகையை மருத்துவமனையின் சமூகப் பணிப் பிரிவு வழியாகவும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவிலும் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். அரசு மருத்துவமனையில் அறுவைக் கட்டணம் சிறிதாக இருந்தாலும், உள்வைப்பின் விலையைப் பல நேரங்களில் நோயாளியே தேட வேண்டியிருக்கிறது. அதைத் தேதி குறிக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

அறுவைக்குப் பின் ஒவ்வொரு துண்டின் பெட்டியிலும் இருந்த ஒட்டுச்சீட்டின் நகலை அவர் கையில் கொடுத்தோம். அதில் தண்டின் கூம்பு வகை, பந்தின் அளவு, லைனரின் பெயர், தொகுதி எண் எல்லாம் உண்டு. இருபது ஆண்டுகள் கழித்து வேறொரு ஊரில் வேறொருவர் அறுவை செய்யும்போது, எந்தப் பந்து எந்தக் கூம்பில் அமரும் என்பதை அந்தச் சீட்டுதான் சொல்லும். அது இல்லாததால் நன்றாகப் பிணைந்திருந்த தண்டையே உடைத்து எடுக்க நேர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஆறாவது வாரம் ஒரு எக்ஸ்ரே எடுத்தோம். பந்து லைனரின் நடுவில் இருந்தது. முதல் ஓரிரு ஆண்டுகளில் லைனர் அழுத்தத்தால் சிறிது பதியும். அது தேய்மானம் அல்ல. அதற்குப் பிறகு அவருக்கு வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு முறை எடுக்கும் படத்தையும் அந்த ஆறாவது வாரப் படத்தின் பக்கத்தில் வைத்து, பந்து எவ்வளவு மேலே போயிருக்கிறது என்று அளப்போம்.